நாலாம் மாதத்தில் குழந்தையின் தூக்கம் ஏன் கலைகிறது?

பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு புகுந்த வீட்டுக்குத் திரும்புவது நம் ஊர் வழக்கம். பல வீடுகளில் அதே சமயத்தில் ஒரு புதுத் தொல்லையும் தொடங்குகிறது. அதுவரை இரவில் நான்கைந்து மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கிய குழந்தை, இப்போது மணிக்கொரு தரம் எழுந்து அழுகிறது. "இடம் மாறினது ஒத்துக்கலை" என்பார் ஒரு பாட்டி. "கண்ணு பட்டிருக்கு, சுத்திப் போடுங்க" என்பார் இன்னொருவர். "பால் பத்தலையோ?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், பெற்றவள் மனம் ஒடிந்துபோவாள்.

ஆனால் வீடே மாறாத குழந்தைகளும், பால் தாராளமாகக் கிடைக்கும் குழந்தைகளும், இந்த வயதில் இதேபோல விழிக்கின்றன. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளும் அப்படித்தான். மூன்றரை மாதத்திலிருந்து ஐந்து மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் இது வரலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறந்த தேதியை விட்டுவிட்டு, பிறக்க வேண்டியிருந்த தேதியிலிருந்து கணக்குப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இதற்குக் காரணம் குழந்தையின் மூளை வளர்ச்சி.

பிறந்த குழந்தையின் தூக்கம் நம்முடையதைப் போன்றதே அல்ல. அதற்கு இரண்டே வகைத் தூக்கம்தான் உண்டு. ஒன்றில் கண்மணிகள் இமைக்குள் உருளும். கை கால் துள்ளும். முகம் சிரிப்பதுபோலும் அழுவதுபோலும் சுளிக்கும். மூச்சு சீராக இராது. இதை அசைவுத் தூக்கம் என்று சொல்லலாம். மற்றது அசையாமல், சீரான மூச்சோடு தூங்கும் அமைதித் தூக்கம். பிறந்த புதிதில் தூங்கும் நேரத்தில் ஏறத்தாழப் பாதி அசைவுத் தூக்கம்தான். கண் மூடியதும் குழந்தை முதலில் அதற்குள்தான் போகும். மடியில் தூங்கிவிட்டதே என்று கீழே கிடத்தியதும் பச்சைக் குழந்தை விழித்துக்கொள்வதற்கும், கை கால் தளர்ந்து துவண்டபின் கிடத்தினால் தூங்குவதற்கும் இதுவே காரணம்.

இந்த இரண்டும் மாறி மாறி வருகின்றன என்பது தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜீன் அசெரின்ஸ்கியும் அவருடைய ஆசிரியர் நதானியேல் க்ளைட்மேனும் தூங்கும் குழந்தைகளின் கண் அசைவைப் பொறுமையாகக் கவனித்து, அந்த அசைவு சுமார் 50, 60 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருவதை 1955இல் எழுதினார்கள். குழந்தையின் தூக்கத்தில் ஒரு சுற்று என்பது அவ்வளவுதான். பெரியவர்களின் சுற்று ஏறத்தாழ 90 நிமிடம்.

மூன்று, நான்கு மாதத்தில் இந்த இருவகைத் தூக்கம் நம்முடையதைப் போன்ற பலபடித் தூக்கமாக மாறத் தொடங்குகிறது. அமைதித் தூக்கம் இலேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம் எனப் பிரிகிறது. கண் மூடியதும் முதலில் வருவது இனி அசைவுத் தூக்கம் அல்ல. இலேசான தூக்கம் வழியாகக் குழந்தை ஆழத்துக்கு இறங்குகிறது. ஆழ்ந்த தூக்கம் இரவின் முன்பாதியில் குவிகிறது. இரவு, பகல் தெரியாமல் இருந்த உடம்பில், இருட்டியதும் மெலடோனின் சுரப்பது மூன்றாம் மாதவாக்கில் ஒழுங்குக்கு வருகிறது. ஆக இது ஒரு கோளாறே இல்லை. குழந்தையின் தூக்கம் பெரியவர்களின் தூக்கத்தை நோக்கி நகர்கிறது. வந்த மாற்றம் பழையபடி திரும்பிப் போகவும் போகாது.

அப்படியானால் ஏன் அழுகை? ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் யாருமே இலேசாக விழிப்போம். புரண்டு படுப்போம், போர்வையை இழுத்துக்கொள்வோம், காலையில் அது நினைவில் இராது. நான்கு மாதக் குழந்தைக்கு இந்த விழிப்பு முன்னைவிடத் தெளிவாக வருகிறது. சுற்றிலும் என்ன இருக்கிறது, அம்மா எங்கே என்று பார்க்கும் அறிவும் அதே வயதில்தான் வருகிறது. தூங்கும்போது இருந்தது எதுவோ, விழித்ததும் அதையே அது தேடுகிறது. பேருந்தில் அயர்ந்துபோன நாம், விழிக்கும்போது ஆள் இல்லாத நடுவழியில் படுத்திருந்தால் பதறமாட்டோமா? மார்பில் பால் குடித்தபடி கண் மூடிய குழந்தைக்குப் பாயில் தனியாக விழிப்பதும் அத்தகைய பதற்றம்தான்.

ஓர் இரவை எடுத்துப் பார்த்தால் இது விளங்கும். நான்கு மாதக் குழந்தையை இரவு எட்டு மணிக்குத் தூளியில் போட்டு ஆட்டித் தூங்க வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது மணிக்கும் பத்து மணிக்கும் சுற்று முடிகிறது. குழந்தை நெளிகிறது, முனகுகிறது, ஆனால் எழவில்லை; பகலெல்லாம் சேர்ந்த அசதி அதை மறுபடி ஆழத்துக்கு இழுத்துவிடுகிறது. பதினொன்றரைக்கு எழுந்து அழுகிறது. இது பசி. பால் குடித்து மீண்டும் தூங்குகிறது. அதற்குப் பிறகு ஒரு மணி, இரண்டு மணி, மூன்றேகால், நாலு என்று வரிசையாக எழுகிறது. இப்போது அசதியில் பெரும்பங்கு தீர்ந்துவிட்டது. மிச்சம் இருப்பது இலேசான தூக்கமும் கண் உருளும் தூக்கமும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் முழுதாக விழித்து, நின்றுபோன தூளி ஆட வேண்டும் என்று அழைக்கிறது. இரண்டு நிமிடம் ஆட்டினால் தூங்கிவிடும். ஒரு மணி நேரத்தில் மறுபடி அழைக்கும். அதிகாலை நான்கு, ஐந்து மணி எல்லா வீட்டிலும் கடினமாக இருப்பது இதனால்தான்.

பகல் தூக்கத்திலும் இதே கணக்கைக் காணலாம். முக்கால் மணி நேரத்தில் டாணென்று எழுந்துவிடும் குழந்தை, ஒரு சுற்றை முடித்திருக்கிறது, அவ்வளவே.

இதோடு வேறு சிலவும் சேர்ந்துகொள்கின்றன. குழந்தை குப்புற விழப் பழகுகிறது. பகலில் பழகியதை இரவிலும் செய்து பார்த்து, திரும்பத் தெரியாமல் அழுகிறது. பகலில் பால் குடிக்கும்போது கதவு திறந்தால், யாராவது பேசினால், வாயை எடுத்துத் திரும்பிப் பார்க்கிறது. அரைவயிறாகக் குடித்ததை இரவில் ஈடு கட்டுகிறது. பகலில் ஓர் இருண்ட, அமைதியான அறையில் இரண்டு மூன்று முறையாவது பால் கொடுத்தால் இந்தப் பின்னது ஓரளவு குறையும்.

இந்தச் சமயத்தில் வீடுகளில் நடக்கும் தவறு, வயிறு நிறையட்டும் என்று கஞ்சியோ மாவோ ஊட்டத் தொடங்குவது. இந்த விழிப்பு மூளையின் வளர்ச்சியால் வருவது. கனமான உணவு அதை நிறுத்தாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நான்கு மாதக் குழந்தை இரவில் ஓரிரு முறை பசியால் எழுவது இயல்பு. அந்தப் பாலை நிறுத்தக் கூடாது. எல்லா அழுகையும் பசியல்ல என்பதும் உண்மை. கடைசியாகக் குடித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, மார்பில் வைத்ததும் நாலு வாய் உறிஞ்சிவிட்டுத் தூங்குகிறது என்றால், அது பெரும்பாலும் தூங்குவதற்கான துணையைக் கேட்கிறது.

மாற்றிப் பார்க்க விரும்புகிறவர்கள் இரவின் முதல் தூக்கத்தில் தொடங்கலாம். அசதி மிகுந்திருக்கும் எட்டு மணிதான் குழந்தைக்கு எளிது. கண் முழுதாக மூடும் வரை ஆட்டாமல், இமை கனக்கும்போது எடுத்து, சமதளமான படுக்கையில் மல்லாக்கக் கிடத்தி, மார்பில் கை வைத்து மெதுவாகத் தட்டிக்கொடுக்கலாம். அழுதால் தூக்கித் தேற்றி, மீண்டும் கிடத்தலாம். தான் படுத்த இடத்திலேயே தூங்கிய குழந்தை, விழிக்கும்போதும் அதே இடத்தைக் காண்கிறது. நள்ளிரவு மூன்று மணிக்கு இந்தப் பழக்கம் எதுவும் வேண்டாம். அப்போது ஆட்டினாலும் சரி, பால் கொடுத்தாலும் சரி. அழவிட்டுத் தூங்க வைக்கும் முறைகளை ஆராய்ந்த பல ஆய்வுகள் ஆறு மாதம் கடந்த குழந்தைகளைக் கொண்டு செய்யப்பட்டவை. நான்கு மாதக் குழந்தைக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். தூளி ஆட்டித் தூங்கவைப்பது உங்களுக்குச் சுமையாக இல்லை என்றால் எதையும் மாற்ற வேண்டிய கட்டாயமும் இல்லை.

இன்னொன்று: முனகியதும் பாய்ந்து தூக்க வேண்டாம். கண் உருளும் தூக்கத்தில் குழந்தை முனகும், சிணுங்கும், கண்ணைக்கூடத் திறக்கும். ஓரிரு நிமிடம் பார்த்தால் தானே அடங்குவது உண்டு. தாமஸ் ஆண்டர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1970களில் குழந்தைகளின் இரவை வீடியோவில் பதிவுசெய்து பார்த்தார். பெற்றோர் "ராத்திரி முழுக்கத் தூங்கிற்று" என்று சொன்ன குழந்தைகளில் பலரும் இடையில் விழித்து, சத்தமில்லாமல் கிடந்து, தாமாகவே தூங்கியிருந்தார்கள்.

பாதுகாப்பில் மட்டும் தளர்வு கூடாது. புரளும் முயற்சி தெரிந்ததுமே கையையும் சேர்த்துச் சுற்றும் துணியை நிறுத்திவிட வேண்டும். குப்புறத் திரும்பினால் கையை ஊன்றி முகத்தைத் தூக்க முடியாது. புரளத் தொடங்கிய குழந்தையைத் தூளியில் ஆள் இல்லாமல் விடுவதும் ஆபத்து. படுக்கையில் தலையணை, கனத்த போர்வை வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் சோபாவில் சாய்ந்து பால் கொடுத்தபடி அம்மா கண்ணயர்வதும் அபாயமானது.

எல்லா விழிப்பையும் வயதின் மேல் போட்டுவிடவும் கூடாது. 14ஆம் வாரத் தடுப்பூசி போட்ட பின் ஓரிரு இரவு தூக்கம் கெடலாம், அது சரியாகிவிடும். காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, சிறுநீர் வழக்கத்தைவிடக் குறைவது, எடை ஏறாமல் இருப்பது, தூக்கியும் அடங்காத அழுகை, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வயதால் வந்த விழிப்பு உள்ள குழந்தை பகலில் வழக்கம்போல் சிரிக்கும், பார்க்கும், குடிக்கும்.

எல்லாக் குழந்தைக்கும் இது வருவதில்லை. வந்தாலும், மணிக்கொரு தரம் எழும் கடுமை பெரும்பாலும் சில வாரங்களில் தணிகிறது. ஆனால் அதன்பின் விடியும்வரை தூக்கம் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். கனடாவில் 2018இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு மாதக் குழந்தைகளில் சுமார் 38 சதவீதம் தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்கவில்லை. அவர்களின் அறிவு வளர்ச்சியிலோ உடல் இயக்க வளர்ச்சியிலோ எந்தக் குறையும் தென்படவில்லை.

இந்த வாரங்களில் உதவி தேவைப்படுவது அம்மாவுக்குத்தான். விடிகாலை ஐந்து மணிக்குப் பால் குடித்த குழந்தையைத் தகப்பனோ பாட்டியோ வேறு அறைக்குத் தூக்கிப்போய், அவளை ஏழரை மணி வரை தூங்க விடுங்கள். குழந்தை தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, காரணமில்லாமல் அழுகிறாள் என்றால், அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.