கிரிக்கெட் வாரியம் சர்க்காரா?

அடிப்படை உரிமை பறிபோனால் நேராக சுப்ரீம் கோர்ட்டுக்கே போகலாம். ஆனால், பெரும்பாலும் பறித்தது ‘அரசு’ என்று காட்ட வேண்டும். மந்திரிசபை, சட்டசபை, நகரசபை எல்லாம் அரசுதான். கிரிக்கெட் வாரியம்?

2004-ம் ஆண்டில் இந்தக் கேள்வி எழுந்தது. ஆட்டங்களை டெலிவிஷனில் காட்டும் உரிமைக்கு வாரியம் டெண்டர் கேட்டது. பிறகு அதை ரத்து செய்தது. டெண்டர் போட்டிருந்த ஜீ நிறுவனம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது.

5 நீதிபதிகள் விசாரித்தார்கள். எந்தச் சட்டமும் வாரியத்தை உண்டாக்கவில்லை. தமிழ்நாட்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கம் அது. சர்க்கார் அதில் பணம் போடவில்லை. அதை நடத்தவும் இல்லை. ஆகவே, ‘அரசு அல்ல’ என்று 2005-ல் 3 நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். இந்தியாவின் பெயரால் அணியை அனுப்புகிற வாரியத்தைச் சாதாரணச் சங்கமாக எண்ண, மற்ற 2 பேருக்கு மனம் வரவில்லை. அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு.

வழக்கு தள்ளுபடி ஆயிற்று. ஆனாலும் வாரியம் தப்பிவிடவில்லை!

நாட்டுக்கு அணி தேர்ந்தெடுப்பது பொதுக் காரியம். பொதுக் காரியம் செய்பவர் தனியாரே ஆனாலும், அதில் அநியாயம் நடந்தால் அரசியல் சட்டத்தின் 226-வது பிரிவுப்படி ஐகோர்ட்டு தட்டிக் கேட்கலாம். சூதாட்டப் புகார் வழக்கில், 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு இதை மீண்டும் உறுதி செய்தது.

ஆனால் எல்லாவற்றுக்கும் இந்த வழி கிடையாது. மைதானத்தில் காப்பி விற்ற காண்டிராக்டருக்குப் பாக்கி வரவில்லையா? அவர் சாதாரண சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.