அதே டாலர், அதே ரூபாய், தலைகீழ் ரேட்

"ஒரு டாலர் 85 ரூபாய்"னு நியூஸ்ல கேட்டா நமக்குச் சட்டுனு புரியுது. அதையே "100 ரூபாய்க்கு 1.1765 டாலர்"னு சொன்னா? கொஞ்சம் முழிப்போம். ஆனா நம்ம ஊர் பேங்குகள் 1993 ஆகஸ்ட் 2-க்கு முன்னாடி இந்த இரண்டாவது மாதிரிதான் ரேட் சொல்லிட்டு இருந்தாங்க.

வெளிநாட்டுப் பணத்தை நிலையா வெச்சு, அதுக்கு நம்ம பணம் எவ்வளவுன்னு சொன்னா டைரக்ட் கோட்டேஷன். நம்ம பணத்தை நிலையா வெச்சா இன்டைரக்ட். இங்க "நம்ம"ங்கிற வார்த்தைதான் சூட்சுமம். "டாலர் 85 ரூபாய்"ங்கிறது ஆவடியில இருக்கிறவருக்கு டைரக்ட், நியூயார்க்ல இருக்கிறவருக்கு இன்டைரக்ட். அதனால ஒரு பழைய, 1993-க்கு முந்தின பேங்க் காகிதத்துல ரேட் இறங்கியிருந்தா, ரூபாய் பலமாச்சுன்னு நினைச்சுடாதீங்க. விழுந்திருக்குன்னு அர்த்தம்.

சரி, காசு எங்க மாட்டும்? அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு யூனிட், ஏற்றுமதி பண்ணி 10,000 டாலர் வந்திருக்குன்னு வெச்சுக்குவோம். பேங்க் சொல்ற ரேட் 85.00 / 85.40 (கணக்குக்காக நான் போட்டது). முதல் நம்பர்ல பேங்க் டாலரை வாங்கும், இரண்டாவதுல விற்கும். ஆக யூனிட்டுக்கு வர்றது 8,50,000 ரூபாய். குறைச்சு வாங்கு, கூட்டி வில், எந்தக் கடைக்காரரும் செய்றதுதான்.

இதையே பழைய முறையில எழுதுங்க. 100-ஐ 85-ஆல வகுத்தா 1.1765, 85.40-ஆல வகுத்தா 1.1710. டாலர் வாங்கும்போது பேங்க் 100 ரூபாய் குடுத்து 1.1765 டாலர் எடுத்துக்கும். விற்கும்போது அதே 100 ரூபாய்க்கு 1.1710 டாலர்தான் குடுக்கும். அதனால அந்தக் காலத்து பேங்க் ஊழியர்களோட மந்திரமே "அதிகத்துல வாங்கு, குறைவுல வில்"! கேட்க நஷ்ட வியாபாரம் மாதிரி இருக்கு, ஆனா லாபம் அதேதான். நூறு ரூபாய்க்கு எத்தனை டாலர் கைமாறுதுன்னு பாருங்க, விளங்கிடும்.

கோட் எழுதுற நண்பர்கள் வழுக்குற இடமும் இதுதான். தலைகீழாக்கும்போது நம்பர் மட்டும் மாறாது, வாங்குறதும் விற்கிறதும் இடம் மாறும். ஏன்னா டாலரை வாங்குற பேங்க், அதே நொடியில ரூபாயை விற்குது.

```
inv_bid = 100 / ask   # 1.1710
inv_ask = 100 / bid   # 1.1765
```

இந்த இடமாற்றத்தை விட்டுட்டா, bid 1.1765-ன்னும் ask 1.1710-ன்னும் வந்து நிற்கும். அப்புறம் அந்த யூனிட்டோட டாலரைத் தப்பான பக்கத்து ரேட்ல மாத்தினா, ஸ்க்ரீன்ல கிட்டத்தட்ட 8,54,000 காட்டும். அக்கவுண்ட்ல வர்றது 8,50,000. அந்த நாலாயிரத்தை பேங்க் பிடிச்சுக்கிட்டதா நினைச்சு சண்டைக்குப் போயிடாதீங்க. முதல்ல உங்க டேபிள்ல எங்கயாவது bid, ask-ஐ விடப் பெருசா இருக்கான்னு தேடுங்க. ஒரு வரி இருந்தாலும், தலைகீழாக்கின இடம் அங்கதான் இருக்கு.