தூக்க மாத்திரை: தாங்குதிறன், உடல்சார்பு, அடிமைநிலை ஆகியவற்றின் வேறுபாடு

மருத்துவர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையை ஒருவர் பல மாதங்களாக ஒவ்வோர் இரவும் உட்கொண்டு வருகிறார். திடீரென நிறுத்தியதும் கை நடுங்குகிறது; தூக்கம் அறவே இல்லை. குடும்பத்தினர் உடனே "மாத்திரைக்கு அடிமையாகிவிட்டார்" என்று முடிவு செய்துவிடுகின்றனர். பெரும்பாலான நேரங்களில் இம்முடிவு தவறானது. தாங்குதிறன், உடல்சார்பு, அடிமைநிலை என்பவை மூன்று வெவ்வேறு நிலைகள். இவற்றை ஒன்றாகக் கருதினால் சிகிச்சையும் தவறான பாதையில் செல்லும்.

இக்கட்டுரை அல்பிரசோலம், குளோனசெபம், டயசெபம் முதலிய பென்சோடயசெபின் வகை மருந்துகளைப் பற்றியது. தூக்கத்திற்காகத் தரப்படும் எல்லா மருந்துகளும் இவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. ஆகவே மாத்திரை அட்டையில் உள்ள மருந்தின் பெயரை முதலில் பார்த்துக்கொள்ளவும்.

ஓர் எடுத்துக்காட்டு

விளக்கத்திற்காக, 61 வயதுப் பெண் ஒருவரை எண்ணிக்கொள்வோம். கணவரின் மறைவுக்குப் பின் உறக்கமின்றித் தவித்த அவருக்கு, இரவில் அல்பிரசோலம் 0.25 மி.கி. தரப்பட்டது. முதல் சில வாரங்கள் நன்றாக உறங்கினார். இரண்டாம் மாதத்தில் மாத்திரை உட்கொண்ட பின்னும் நள்ளிரவில் விழிப்பு வந்தது. மருத்துவர் அளவை 0.5 மி.கி. ஆக உயர்த்தினார், மீண்டும் தூக்கம் வந்தது. இவ்வாறு ஒன்பது மாதங்கள் கழிந்தன. மாத்திரை பழக்கமாகிவிடும் என்று கேள்விப்பட்ட மகன், ஒரு நாள் அட்டையை அப்புறப்படுத்திவிட்டார். இரண்டாம் நாள் இரவு அவருக்குக் கண்ணே மூடவில்லை. உடல் வியர்த்தது, விரல்கள் நடுங்கின, பாத்திரம் விழும் சிறு ஓசைக்கும் உடல் துணுக்குற்றது. மூன்றாம் இரவு மாத்திரையைத் தேடி எடுத்து உட்கொண்டார். ஒரு மணி நேரத்தில் எல்லாம் அடங்கின. இதையே மகன் அடிமைத்தனத்தின் சான்றாகக் கொண்டார்.

இங்கு நிகழ்ந்தவை இரண்டு. முதலாவது, இரண்டாம் மாதத்தில் அதே அளவு போதாமல் போனது, இதுவே தாங்குதிறன். இரண்டாவது, மருந்து நின்றதும் உடல் கிளர்ந்தெழுந்தது, இது உடல்சார்பு. மூன்றாவது நிலையான அடிமைநிலைக்கான அடையாளம் எதுவும் இவரிடம் காணப்படவில்லை.

உடலில் நிகழ்வது என்ன?

மூளையின் கிளர்ச்சியைத் தணிக்கும் இயற்கையான வேதிப்பொருள் 'காபா' எனப்படும். பென்சோடயசெபின் மருந்துகள் இதன் செயலை வலுப்படுத்துகின்றன. வண்டியின் பிரேக்கை வேறொருவர் ஒவ்வோர் இரவும் சேர்ந்து மிதிப்பதைப் போன்றது இது. சில வாரங்களில் மூளை இதற்கேற்பத் தன்னை மாற்றியமைத்துக்கொள்கிறது. பிரேக்குக்கு இணங்கும் தன்மை குறைகிறது. கிளர்ச்சியூட்டும் பகுதி வலுப்பெறுகிறது. மாத்திரையின் பயன் குறைவது இதனால்தான். மாத்திரை திடீரென நின்றால், கூடுதல் பிரேக் நீங்கிவிடுகிறது. வலுப்பெற்ற கிளர்ச்சி மட்டும் எஞ்சுகிறது. நடுக்கம், வியர்வை, பதற்றம், முன்பிருந்ததைவிடக் கடுமையான தூக்கமின்மை ஆகிய விலகல் அறிகுறிகள் இவ்வாறு தோன்றுபவையே. தாங்குதிறனும் உடல்சார்பும் ஒரே மாற்றத்தின் இரு முகங்கள். மருந்தை ஒழுங்காக உட்கொண்ட எவருக்கும் இவை வரலாம். மன உறுதிக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தூக்கம் தரும் விளைவுக்குத் தாங்குதிறன் விரைவில் ஏற்படுகிறது. ஆனால் நினைவாற்றலைக் குறைக்கும் விளைவு அதே அளவில் குறைந்துவிடுவதில்லை. எனவே மாத்திரை இனித் தூக்கம் தராத நிலையிலும், முதியோர் இரவில் கழிப்பறைக்குச் செல்லும்போது தடுமாறி விழும் இடரும் மறதியும் தொடரக்கூடும். அளவை மேலும் மேலும் உயர்த்துவது தீர்வாகாமைக்கு இதுவே முதன்மைக் காரணம்.

அடிமைநிலையை எவ்வாறு அறிவது?

அடிமைநிலை என்பது நடத்தையில் வெளிப்படுவது. மருந்தின் மீது அடக்கவியலாத வேட்கை, அளவைக் கட்டுப்படுத்த இயலாமை, தீங்கு நேர்ந்த பின்னும் தொடர்தல் ஆகியவை அதன் இயல்புகள். மேற்கண்ட பெண்மணி ஒன்பது மாதங்களில் ஒருநாளும் சொன்ன அளவுக்கு மேல் உட்கொள்ளவில்லை, யாரிடமும் மறைக்கவில்லை, பாதுகாப்பாக நிறுத்த வழியிருந்தால் நிறுத்தவே விரும்புகிறார். மாறாக, முப்பது நாள் மாத்திரை இருபது நாளில் தீர்ந்துபோதல், ஒரு மருத்துவருக்குத் தெரியாமல் மற்றொருவரிடம் சீட்டு வாங்குதல், தூக்கத்திற்காக அன்றிப் பகலிலும் மன இதத்திற்காக உட்கொள்ளுதல், ஒருமுறை கீழே விழுந்து அடிபட்ட பின்னும் கூடுதலாக உட்கொள்ளுதல் போன்றவை காணப்பட்டால் நிலை வேறு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோயறிதல் கையேடும், மருத்துவர் மேற்பார்வையில் மருந்தை முறையாக உட்கொள்பவரிடம் காணும் தாங்குதிறனையும் விலகல் அறிகுறிகளையும் அடிமைநிலைக்கான அளவுகோலாகக் கணக்கிடக் கூடாது என்கிறது.

எனினும் எல்லை எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. விலகல் அறிகுறிகளுக்கு அஞ்சிக் கூடுதல் மாத்திரை உட்கொள்பவரும், அதைக் குடும்பத்தினரிடம் மறைப்பவரும் உண்டு. வசைக்கு அஞ்சியே பலர் மறைக்கின்றனர் என்பதையும் பராமரிப்பாளர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

நிறுத்தும் முறை

உடல்சார்பு மட்டும் உள்ளவருக்கு அளவைப் படிப்படியாகக் குறைப்பதே முக்கிய சிகிச்சை. பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, அப்போதைய அளவில் 5 முதல் 10 விழுக்காடு வரை குறைக்கப்படுகிறது. 0.5 மி.கி. அல்பிரசோலத்தில் இவ்வளவு சிறிய பகுதியை மாத்திரையை உடைத்து எடுப்பது கடினம். மேலும் அம்மருந்து உடலிலிருந்து விரைவாக நீங்குவதால் அறிகுறிகள் ஓரிரு நாளிலேயே தோன்றுகின்றன. ஆகவே மருத்துவர் சிலருக்கு, உடலில் நீண்டநேரம் தங்கும் டயசெபத்திற்கு மாற்றி, அதன் அளவைச் சிறிது சிறிதாகக் குறைப்பதுண்டு. இம்மாற்றத்தை வீட்டில் தாமாகச் செய்யக் கூடாது. ஒரு படியில் தொல்லை மிகுந்தால் அந்த அளவிலேயே மேலும் சில வாரங்கள் நிற்கலாம். முழுமையாக நிறுத்தப் பல மாதங்கள் ஆகலாம், அது தோல்வியன்று.

குறைக்கும் காலத்தில் ஒரு கேள்வி எழும்: இது விலகல் அறிகுறியா, பழைய தூக்கமின்மை திரும்பியதா? அளவைக் குறைத்த சில நாள்களில் எழுந்து, நடுக்கம், ஒலி கூச்சம் போன்ற புதிய தொல்லைகளுடன் வந்து, பின்னர் படிப்படியாகத் தணிவது பெரும்பாலும் விலகலே. பழைய தொல்லை மெல்லத் திரும்பி, தணியாமல் நிலைக்கும். அதற்குத் தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சை தேவைப்படும். அடிமைநிலை உள்ளவருக்கோ அளவைக் குறைப்பது மட்டும் போதாது. மனநல மருத்துவரின் தொடர் சிகிச்சையும் வேண்டும். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் இலவச எண் 14416-ஐ அழைக்கலாம்.

மருந்து நின்ற பின் வலிப்பு, மனக்குழப்பம், இல்லாதவை தோன்றுதல் ஆகியவற்றுள் எது நேர்ந்தாலும் தாமதமின்றி 108-ஐ அழைக்கவும். மது அருந்துபவர், வலிப்பு நோய் உள்ளவர், வலுவான வலிநிவாரணி உட்கொள்பவர் ஆகியோர் இதை முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் கூற வேண்டும். மாத்திரை அட்டையையும், இதுவரை பெற்ற மருந்துச் சீட்டுகள் அனைத்தையும் உடன் எடுத்துச் செல்லவும். தொடங்கிய மாதமும் அளவு உயர்ந்த மாதமும் தெரிந்தால்தான் எந்த அளவிலிருந்து எவ்வளவு மெதுவாக இறங்குவது என்பதை மருத்துவர் தீர்மானிக்க இயலும்.