ஒன்பது நிமிஷ ஒத்திகை!

போனை லாக்கரில் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். அடுத்து பேனாவைக் கேட்டார்கள். பத்திரிகைக்காரனிடம் பேனாவைப் பிடுங்கினால் அவன் என்னதான் செய்வான்? "வாடிக்கையாளர் விவரம் ஒண்ணும் வெளியே போகக் கூடாது சார். உள்ளே பேப்பர், பேனா, போன் மூணுக்கும் தடை" என்று சிரித்தார் செக்யூரிட்டி அண்ணன். ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க ஞாபகத்திலிருந்து எழுதியது. கணக்குகளை மட்டும் வெளியே வந்ததும் வராததுமாக டீக்கடையில் ஒரு துண்டுச் சீட்டில் கிறுக்கிக்கொண்டேன்!

இடம், பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடம், நாலாவது மாடி. ஊர் பேர் போதும், கம்பெனி பேர் வேண்டாம் என்பது நிபந்தனை. வீட்டு இன்டர்நெட் இணைப்புக்குத் தமிழில் பதில் சொல்லும் கால் சென்டர் அது. நாள், அக்டோபர் 3. இந்தத் தேதியை மறந்துவிடாதீர்கள், கதையே இதில்தான் இருக்கிறது. 1-ஆம் தேதி பில் போடுகிறார்கள். 2-ஆம் தேதி காந்தி ஜெயந்தி. ஊரே வீட்டில் உட்கார்ந்து எஸ்.எம்.எஸ்-ஸை நிதானமாகப் படித்திருக்கிறது. படித்துவிட்டு சும்மா இருக்குமா?

மணி 9. பதினாலு பேர் கொண்ட டீம். ஆனால் வெள்ளைப் பலகை முன்னால் நிற்பது ஏழு பேர்தான். மற்ற ஏழு பேர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கால் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். "மிச்சப் பேர் லேட்டா?" என்று கிசுகிசுத்தேன். டீம் லீடர் அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "பதினாலு பேரையும் ஒண்ணா எழுப்பினா கியூ வெடிச்சிடும் சார்."

வெடிக்கும் என்பது வெறும் பேச்சில்லை, கணக்கு. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்ற டென்மார்க்காரர் 1917-இல் போட்டுக்கொடுத்த கணக்கு. இருபது பேரில் ஒருவர் எழுந்து போனால் காத்திருப்பு இருபதில் ஒரு பங்கு கூடும் என்றுதான் நமக்குத் தோன்றும். எல்லோரும் மூச்சு விட நேரமில்லாமல் பேசிக்கொண்டிருக்கும்போது அப்படி நடக்காது. அந்த ஒருவர் போனாலே வரிசை மளமளவென்று நீளும். அதனால்தான் ஹட்டில் என்கிற இந்தக் காலைக் கூட்டம் இரண்டு பாதி: 9 மணிக்கு ஒன்று, 9.12-க்கு ஒன்று. இரண்டும் ரோஸ்டரில் முன்கூட்டியே ஏறியிருக்கிறது. ஷிஃப்ட் தொடங்கும் முன்னால் சம்பளமில்லாத நேரத்தில் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் பாதிப் பேர் பஸ் பிடித்து ஓடிவந்த களைப்போடு நிற்பார்கள், மீதிப் பேர் வரவே மாட்டார்கள்.

சரி, ஆரம்பிக்கிறது! எல்லோரும் நின்றபடியே. அக்கா முதலில் தொடுவது பலகையின் வலது மூலையை. அங்கே 'பாக்கி' என்று எழுதி இரண்டு கேள்விகள். டீம் கேட்டு, அக்காவுக்குப் பதில் தெரியாமல் போனவை. ஒன்று, பழைய ரௌட்டரைத் திருப்பித் தராதவருக்கு டெபாசிட் எப்போது கழியும்? பதில் வந்துவிட்டது, சொன்னார், அழித்தார். இன்னொன்று, பில் எஸ்.எம்.எஸ்-ஸில் அடுத்த மாதத் தொகையையும் போட முடியாதா? "பில்லிங் டீம்ல கேட்டேன். இந்தத் தடவை முடியாதாம். நவம்பருக்கும் உறுதி இல்லை." முகத்தைச் சுளித்தார்கள். ஆனாலும் கேள்வி தொங்கலில் நிற்கவில்லை. முடியாது என்ற பதிலையும் வந்து சொல்லும் இடத்தில்தான் மறுநாளும் யாராவது வாய் திறப்பார்கள். மூன்று நாள் ஒரு கேள்வி அப்படியே கிடந்தால் அடுத்த கேள்வி பலகைக்கு வராது.

அடுத்து, "யாருக்காவது டவுட் இருக்கா?" என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை! அப்படிக் கேட்டால் உலகத்தில் எந்த டீமும் பதில் சொல்லாதாம். அவர் கேட்டது வேறு: "நேத்து எந்தக் கால்ல மாட்டிக்கிட்டீங்க?"

ஏழு பேரும் ஒரே குரலில், "தொள்ளாயிரத்து நாப்பத்து நாலு!"

எனக்குப் புரியவில்லை. ஜன்னலோரம் நின்ற ஒல்லித் தம்பி விளக்கினான். பிளான் மாதம் 600 ரூபாய். செப்டம்பர் 21-இல் இணைப்பு வாங்கியவருக்கு அந்த மாதம் ஓடியது பத்து நாள். நாளுக்கு 20 ரூபாய் வீதம் 200. அதோடு அக்டோபருக்கு முன்பணம் 600. ஆக 800. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 144. மொத்தம் 944. பில் சரி, பைசா பிசகில்லை. ஆனால் எஸ்.எம்.எஸ்-ஸில் வருவது மொத்தத் தொகை மட்டும். 600 என்று நம்பி இருந்தவருக்கு அதைப் பார்த்ததும் ரத்தம் கொதிக்காதா?

நேற்று இந்த வகைக் கால் ஒவ்வொன்றும் சராசரியாக ஒன்பது நிமிஷம் ஓடியிருக்கிறது. ஒரே ஒருவருக்கு மட்டும் ஆறு. அவர் ஈரோட்டுப் பெண், சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. அக்கா முன்தினம் சாயங்காலமே அவருடைய இரண்டு ரெக்கார்டிங்கைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். ஹட்டிலுக்கு வீட்டுப்பாடம் உண்டு!

இப்போதுதான் கூத்து. ஒல்லித் தம்பிதான் வாடிக்கையாளர். இடுப்பில் கை வைத்துக்கொண்டான்.

"ஏம்மா, அறுநூறுன்னு சொல்லித்தானே கனெக்‌ஷன் குடுத்தீங்க? தொள்ளாயிரத்து நாப்பத்து நாலு வந்திருக்கு! கொள்ளையா அடிக்கறீங்க?"

முதலில் ஒருவர் பதில் சொன்னார். "சார், இது ப்ரோ-ரேட்டா பில்லிங் சார். அட்வான்ஸ் ரென்டலும் டாக்ஸும் சேர்ந்து..."

"எனக்கு கிளாஸ் எடுக்காதீங்க! மேனேஜரைக் கூப்பிடுங்க!" தம்பி பிச்சு உதறுகிறான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நானும்தான்.

அடுத்து ஈரோட்டுப் பெண். குரலை உயர்த்தவே இல்லை. "சார், அடுத்த மாசத்துல இருந்து உங்க பில் 708 ரூபாய்தான். இந்த ஒரு தடவை மட்டும் செப்டம்பர்ல ஓடின பத்து நாளும் சேர்ந்து வந்திருக்கு."

தம்பி வாயைத் திறந்தான். மூடினான். "சரி... அந்தப் பத்து நாளுக்கு எவ்வளவுங்க?" என்றான். சண்டை அவனுக்கே மறந்துபோயிற்று!

கவனித்தீர்களா? அவர் புதிதாக எதுவும் சொல்லவில்லை, வரிசையை மாற்றினார், அவ்வளவுதான். கத்துகிறவருக்கு 944 எப்படி வந்தது என்பதல்ல கவலை, மாதாமாதம் இப்படியே வந்துவிடுமோ என்பதுதான். அந்தப் பயத்துக்குப் பதில் முதல் வாக்கியத்திலேயே விழுந்துவிட்டால் மீதிக் கணக்கை அவரே பொறுமையாகக் கேட்பார்.

கைதட்டிவிட்டுக் கலைந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அக்கா விடவில்லை. "இந்த வாக்கியம் எப்போ பொய்யாகும்?" என்றார். ஆஹா, இந்தக் கேள்விக்கே தனியாகக் கைதட்டலாம்! யோசித்து இரண்டு சொன்னார்கள். மூன்று மாதச் சலுகையில் சேர்ந்தவருக்கு ஜனவரியில் தொகை கூடும். நடு மாதத்தில் பிளான் மாற்றியவருக்குக் கணக்கே வேறு. ஆகவே வாய் திறக்கும் முன் ஸ்கிரீனில் இரண்டையும் பார்த்துவிட வேண்டும். பார்க்காமல் அப்படியே சொல்லிவிட்டால் இன்று ஆறு நிமிஷத்தில் முடிந்த கால், அடுத்த பில்லில் இரட்டிப்புக் கோபத்தோடு திரும்பி வரும். வாக்கியமும் அந்த இரண்டு விதிவிலக்கும் பலகையில் ஏறின. பேனா இல்லாத ஊரில் பலகைதான் நோட்டுப் புத்தகம்.

மணி 9.09. முடிந்தது! ஏழு பேர் சீட்டுக்குப் போக, மற்ற ஏழு பேர் வருகிறார்கள். இவர்கள் ஏற்கெனவே சில கால் எடுத்துவிட்டதால் சுடச்சுடச் செய்தியோடு வருகிறார்கள். "அக்கா, ஒருத்தர் 31 நாள் கணக்கு போட்டுக் கேக்கறார்." செப்டம்பருக்கு முப்பது நாள்தான். அதுவும் பலகையில் ஏறியது.

டீக்கடைச் சீட்டுக் கணக்கு இதோ. பதினாலு பேர், ஆளுக்கு ஒன்பது நிமிஷம். மொத்தம் 126 நிமிஷம். ஆறு நிமிஷக் கால் என்றால் 21 கால் எடுக்கும் நேரம் இது. சும்மா வந்ததில்லை! இன்று ஒருவருக்கு எட்டு பில் கால் வந்து ஒவ்வொன்றிலும் ஒன்றரை நிமிஷம் குறைந்தால் ஆளுக்குப் பன்னிரண்டு நிமிஷம் மிச்சம், போட்ட முதல் வந்துவிடும். இதே ஒத்திகையை 20-ஆம் தேதி நடத்தினால் நஷ்டம், ஏனென்றால் அன்றைக்கு இந்தக் கால் ஒருவருக்கு இரண்டுகூட வராது. இன்று திரும்பத் திரும்ப வரப்போகும் காலைத்தான் ஹட்டிலுக்கு எடுக்க வேண்டும். அப்படி ஒன்று இல்லாத நாளில் அக்கா பாக்கியை மட்டும் தீர்த்துவிட்டு நாலு நிமிஷத்தில் அனுப்பிவிடுவாராம்.

மதியம் ஒரு மணிக்கு அக்காவின் ஸ்கிரீனை எட்டிப் பார்த்தேன். பில் கால் ஏழு நிமிஷம் சொச்சம். நான் துள்ளினேன், அவர் துள்ளவில்லை. "நேத்து லீவு நாள், சண்டை போட அவங்களுக்கு நேரம் இருந்துச்சு. அதுவும் ஒரு காரணமா இருக்கும்" என்றார். அவர் காத்திருப்பது இன்னொரு எண்ணுக்கு: இன்று பேசிய அதே நம்பர்கள் ஏழு நாளுக்குள் மறுபடி கூப்பிடுகின்றனவா? கால் நேரமும் குறைந்து, திரும்ப வருவதும் கூடாமல் இருந்தால் வாக்கியம் வேலை செய்கிறது. நேரம் குறைந்து திரும்ப வருவது கூடினால், டீம் வாடிக்கையாளர்களைப் பேசவிடாமல் அனுப்பிவைக்கிறது.

கிளம்பும்போது பழைய கதை ஒன்று சொன்னார். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஹட்டில் என்றால் ரேங்க் பட்டியல் வாசிப்பதாம். கடைசி மூன்று பேர் தலை குனிந்து நிற்பார்கள். குனிந்த தலையோடு போய் அவர்கள் எடுக்கும் முதல் காலைக் கேட்டுப் பார்த்திருக்கிறார். குரல் நடுங்கியிருக்கிறது. "அன்னைக்கு முடிவு பண்ணினேன் சார். ரேங்க்கைத் தனியா உட்கார வெச்சுச் சொல்லிக்கலாம். ஹட்டில்ல காலைப் பத்தி மட்டும்தான் பேசணும்."

லாக்கரிலிருந்து போனை எடுத்ததும் முதலில் கண்ணில் பட்டது என் வீட்டு இன்டர்நெட் பில். சத்தியமாகச் சிரித்துவிட்டேன்! உங்களுக்கும் முதல் பில் எகிறி வந்தால் கத்துவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அடுத்த மாசம் எவ்வளவு வரும்?" மறுமுனையில் இருப்பவர் அன்று காலை அதைத்தான் ஒத்திகை பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கக்கூடும்.