கடையைச் சொல்லாதீர்கள், கசடைச் சொல்லுங்கள்

மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கும் ஒருவர், சமையல் இதழின் ஆசிரியருக்குக் கட்டுரை எழுதித் தர விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் மின்னஞ்சலின் தலைப்பு 'கட்டுரை வாய்ப்பு தொடர்பாக' என்றிருக்கும். உள்ளே கடையின் வரலாறு, விலைப்பட்டியல், இணைய முகவரி. ஆசிரியர் முதல் வரியிலேயே இது விளம்பரம் என்று கண்டுகொள்வார்.

அதே மனிதர் இப்படித் தொடங்கட்டும்: "செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் காய்ச்சும்போது ஏன் நுரைக்கிறது என்று என் வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கலப்படமோ என்று பயப்படுகிறார்கள். ஆட்டியதும் எண்ணெயில் நுண்ணிய கசடும் ஈரமும் இருக்கும். சில நாள் தெளியவிடாமல் புட்டியில் அடைத்தால் நுரைக்கும். இதை 800 சொற்களில், என் செக்கில் எடுத்த படங்களோடு எழுதித் தருகிறேன். உங்கள் இதழில் எண்ணெய் பற்றி வந்த கட்டுரை இதைத் தொடவில்லை."

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். இதழைப் படித்தவர் மட்டுமே அதை எழுத முடியும். படிக்காமல் எழுதினால் உடனே அகப்பட்டுக்கொள்வார். கடையின் பெயருக்குக் கட்டுரையின் அடியில் ஆசிரியர் குறிப்பாக ஒரு வரி போதும்.

முழுக் கட்டுரையையும் இணைக்க வேண்டாம். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் வேறு இதழுக்கு அனுப்புங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு மட்டும் அனுப்பாதீர்கள்.