உஷார்! ஓ.டி.பி.க்காக மட்டும் வைத்திருக்கும் சிம் உயிரோடு இருக்கிறதா?

வங்கிக் கணக்குக்கும் ஆதாருக்கும் பழைய நம்பரைக் கொடுத்துவிட்டு, அந்த சிம்மை ஏதோ ஒரு போனில் போட்டு மூலையில் வைத்திருக்கிறீர்களா? இன்றே வேறொரு போனிலிருந்து அந்த நம்பருக்கு அடித்துப் பாருங்கள். மணி போகவில்லை என்றால் நாள் எண்ணத் தொடங்கியாகிவிட்டது என்று அர்த்தம்.

ரீசார்ஜ் முடிந்த அன்றே நம்பர் போய்விடுவதில்லை. அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். வேலிடிட்டி முடிந்ததும் முதலில் அவுட்கோயிங் நிற்கும். சில நாட்களில் இன்கமிங்கும் நின்றுவிடும். எத்தனை நாள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கால் வராது, போகாது என்று ஆனபின் அந்த சிம்மில் எந்தப் பயன்பாடும் பதிவாகாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013-ல் கொண்டுவந்த விதிப்படி, ஒரு ப்ரீபெய்டு நம்பர் தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தப்படாமல் கிடந்தால்தான் அதைத் துண்டிக்கலாம். அந்த 90 நாள் நமக்குத் தெரியாமலே ஓடிவிடுகிறது.

வீட்டு வைஃபையில் அந்தப் போனில் வாட்ஸ்அப் ஓடிக்கொண்டிருக்கும். நம்பர் நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். வைஃபையில் ஓடும் வாட்ஸ்அப் சிம்மின் கணக்கில் சேராது. தினமும் மெசேஜ் வந்துகொண்டிருக்கும்போதே சிம் செத்துப்போகலாம்.

தேதி போட்டுப் பார்ப்போம். கடைசிப் பயன்பாடு 2026 ஜனவரி 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 10-ம் தேதியோடு 90 நாள் முடிகிறது. சிம்மில் 20 ரூபாயோ அதற்கு மேலோ பேலன்ஸ் இருந்தால், 20 ரூபாயைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் நம்பரை வைத்திருப்பார்கள். பேலன்ஸ் 20-க்குக் கீழே போகும்வரை இது தொடரும். இல்லையென்றால் துண்டிப்புதான். அதன்பிறகும் 15 நாள் அவகாசம் உண்டு. ஏப்ரல் 25-க்குள் நிறுவனத்தின் கடைக்குப் போய் 20 ரூபாய் வரை கட்டணம் செலுத்தி மீட்கலாம். அதையும் விட்டால், துண்டித்ததிலிருந்து 90 நாள் கழித்து, அதாவது ஜூலையிலேயே, உங்கள் நம்பர் முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போகலாம். இந்த 90 நாள் இடைவெளியை 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் டிராயே சொல்லியிருக்கிறது. பத்து இலக்க எண்கள் அளவானவை. கிடப்பில் கிடப்பதை எடுத்து வேறொருவருக்குக் கொடுக்கத்தான் செய்வார்கள். உங்கள் வங்கியின் ஓ.டி.பி. அவருக்குப் போகும். அவர் அந்த நம்பரில் வாட்ஸ்அப் தொடங்கினால் உங்கள் குடும்ப குரூப்புக்கு வரும் செய்திகள்கூட அவர் கண்ணில் படலாம்.

"இருபது ரூபாய் போட்டால் போதும்" என்று பரவும் செய்தியை அப்படியே நம்பாதீர்கள். 20 ரூபாய் டாப்-அப் செய்தால் வரியும் கட்டணமும் போக பேலன்ஸில் ஏறுவது 15 ரூபாய்க்கும் குறைவு. கழிக்க வேண்டிய 20 அங்கே இருக்காது. 100 ரூபாய் டாப்-அப் என்றால் 80 ரூபாய்க்குச் சற்று மேல் ஏறும். நான்கு மாதம் தாங்கும். அப்போதும் காப்பாற்றப்படுவது நம்பர் மட்டும்தான். வேலிடிட்டி பேக் இல்லாவிட்டால் ஓ.டி.பி. வராமல் போகலாம். வங்கிக்காக வைத்திருக்கும் சிம்முக்கு நம்பர் இருந்து ஓ.டி.பி. வராவிட்டால் என்ன பயன்?

ஆகவே வேலிடிட்டி உள்ள பேக்தான் ஒரே பாதுகாப்பு. டேட்டா இல்லாமல் கால், எஸ்.எம்.எஸ். மட்டும் தரும் பேக்குகளைக் கட்டாயம் வழங்க வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. அவற்றின் வேலிடிட்டி 365 நாள் வரை இருக்கலாம் என்றும் அனுமதித்தது. கடையில் கேட்டால் பெரும்பாலும் டேட்டா பேக்கைத்தான் முதலில் காட்டுவார்கள். "வாய்ஸ் மட்டும் போதும்" என்று அழுத்திச் சொல்லுங்கள். சிம்மை நீங்கள் தினமும் பயன்படுத்தும் போனின் இரண்டாவது ஸ்லாட்டில் போடுங்கள். மாதம் ஒருமுறை அந்த சிம்மிலிருந்தே வீட்டுக்கு ஒரு நிமிஷம் பேசுங்கள். மிஸ்டு கால் போதாது, எதிரில் எடுத்துப் பேச வேண்டும்.

இவ்வளவு செலவு வேண்டாம் என்றால் நம்பரை விட்டுவிடலாம். ஆனால் அது உயிரோடு இருக்கும்போதே வங்கி, ஆதார், ஜிமெயில், யு.பி.ஐ. எல்லாவற்றிலும் புது நம்பரை மாற்றிவிடுங்கள். பல இடங்களில் மாற்றத்தை உறுதிசெய்ய பழைய நம்பருக்குத்தான் ஓ.டி.பி. வரும், அது போனபின் அடையாள அட்டையோடு கிளை கிளையாக ஏறி இறங்க வேண்டியிருக்கும். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ் போய், அக்கவுண்ட் பகுதியில் நம்பரை மாற்றும் வசதி இருக்கிறது. அதையும் செய்துவிட்டு, பிறகு சிம்மைக் கழற்றுங்கள்.