உங்கள் தொலைக்காட்சியில் அந்தச் செயலி ஏன் இல்லை?

கைப்பேசியில் தினமும் பயன்படுத்தும் செயலி ஒன்றைத் தொலைக்காட்சியிலும் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறீர்கள். ரிமோட்டை வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகத் தட்டித் தேடினால் வேறு என்னென்னவோ வருகின்றன. நீங்கள் தேடியது மட்டும் வருவதில்லை. இரண்டிலும் அதே கூகுள் கணக்குதான், வீட்டில் அதே இணையம்தான். பிறகு ஏன் இப்படி?

கிள்ளானில் என் அக்கா வீட்டிலும் இதே கதைதான். கூகுள் டிவி இயங்குதளம் கொண்ட தொலைக்காட்சி. அவர் தேடியது கைப்பேசியில் கேட்கும் ஒரு வானொலிச் செயலி. தொலைக்காட்சி பழுது என்றே அவர் முடிவு கட்டிவிட்டார். உண்மையில் கடைதான் அந்தச் செயலியை அவருடைய தொலைக்காட்சிக்குக் காட்டாமல் மறைத்திருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

கூகுள் டிவி அல்லது ஆண்ட்ராய்டு டிவி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. கணினியில் play.google.com பக்கத்தைத் திறந்து, தொலைக்காட்சியில் உள்ள அதே கணக்கில் நுழையுங்கள். செயலியின் பக்கத்துக்குப் போய், நிறுவும் பொத்தானை அழுத்தினால் உங்கள் சாதனங்களின் பட்டியல் வரும். தொலைக்காட்சியைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் அங்கிருந்தே நிறுவிவிடலாம்; தேடலில்தான் ஏதோ கோளாறு. சாதனத்துக்குப் பொருந்தாது என்று வந்தால் ஒரு காரணம். உங்கள் நாட்டில் கிடைக்காது என்று வந்தால் வேறொரு காரணம். இரண்டுக்கும் வழிகள் வெவ்வேறு.

அக்காவுக்கு வந்தது முதல் பதில்: சாதனத்துக்குப் பொருந்தாது.

தொடுதிரை என்னும் தடை

ஒவ்வொரு ஆண்ட்ராய்டு செயலிக்குள்ளும் அதற்கு என்னென்ன வன்பொருள் தேவை என்று சொல்லும் ஒரு கோப்பு இருக்கும். தொடுதிரையைப் பற்றி அதில் எதுவும் எழுதாவிட்டால், தொடுதிரை கட்டாயம் தேவை என்றே கடை எடுத்துக்கொள்ளும். தொலைக்காட்சியில் தொடுதிரை கிடையாது. ஆகவே செயலி பட்டியலிலிருந்து நீங்கிவிடும். அதைத் தவிர்க்க, செயலியை உருவாக்கியவர் இப்படி எழுத வேண்டும்:

```xml
<uses-feature
    android:name="android.hardware.touchscreen"
    android:required="false" />
```

இது மட்டும் போதாது. ரிமோட்டின் அம்புக்குறிகளால் எல்லாப் பொத்தான்களுக்கும் போக முடிய வேண்டும். தொலைக்காட்சியின் முகப்பில் தோன்றுவதற்கான தனி நுழைவும் எழுதப்பட்டிருக்க வேண்டும். சிறு நிறுவனங்கள் பலவும் கைப்பேசியோடு நின்றுவிடுவதால், அவற்றின் செயலிகள் தொலைக்காட்சிக் கடைக்கு வருவதே இல்லை.

சாம்சுங், எல்ஜி தொலைக்காட்சிகளில் இடைவெளி இன்னும் பெரிது. சாம்சுங்கில் இயங்குவது டைசன், எல்ஜியில் வெப்ஓஎஸ். ஆண்ட்ராய்டுக்கு எழுதிய செயலி இவற்றில் ஓடாது. தனியாக எழுதித்தான் தர வேண்டும். ஏபிகே கோப்பை யுஎஸ்பியில் ஏற்றி இவற்றில் செருகிப் பயனில்லை.

முதலில் பார்க்க வேண்டிய வழி

கைப்பேசிச் செயலிக்குள் ‘காஸ்ட்’ சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சிறு சதுரத் திரை, அதன் மூலையில் மூன்று வளைகோடுகள். அக்காவின் வானொலிச் செயலியில் அது இருந்தது. கைப்பேசியும் தொலைக்காட்சியும் ஒரே வைஃபையில் இருக்க, சின்னத்தைத் தொட்டதும் பாட்டு தொலைக்காட்சியில் ஒலித்தது.

இதில் கைப்பேசி பாட்டை அனுப்புவதில்லை. எந்த முகவரியில் பாட்டு இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. தொலைக்காட்சி தானே இணையத்திலிருந்து அதை எடுத்துக்கொள்கிறது. அதனால் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அக்கா கைப்பேசியில் பேசலாம்.

திரையை அப்படியே பிரதிபலிப்பது வேறு. அதில் கைப்பேசி தன் திரையை நொடிக்கு நொடி காணொளியாக மாற்றி அனுப்ப வேண்டும். சூடாகும், மின்கலம் கரையும், படம் சற்றுத் தாமதமாக வரும். பதிப்புரிமைப் பாதுகாப்புள்ள படங்களில் ஒலி மட்டும் கேட்டு, திரை கறுப்பாகவே நிற்கலாம். அது பழுதல்ல, நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு. அந்த நேரத்தில் மடிக்கணினியை எச்டிஎம்ஐ கம்பியால் இணைத்து, அந்தச் சேவையின் இணையத்தளத்தில் பார்ப்பதே எளிது.

நேரடியாக நிறுவலாமா?

ஆண்ட்ராய்டு தொலைக்காட்சிகளில், செயலியை உருவாக்கியவரே தம் தளத்தில் ஏபிகே கோப்பு கொடுத்திருந்தால் நிறுவலாம். கோடி என்னும் காணொளி இயக்கி இப்படித் தன் தளத்தில் 32 பிட், 64 பிட் என இரண்டு கோப்புகளைத் தருகிறது. சில்லு 64 பிட் என்றாலும் பல தொலைக்காட்சிகளில் ஓடும் ஆண்ட்ராய்டு 32 பிட்தான். 64 பிட் கோப்பு நிறுவ மறுத்தால் மற்றதை முயலுங்கள்.

கைப்பேசிக்கென எழுதிய செயலியை இப்படி நிறுவினால், முகப்பில் அதன் சின்னம் வராமல் போகலாம். அமைப்புகளில் செயலிகள் பட்டியலுக்குப் போய்த் திறக்க வேண்டும். அம்புக்குறிக்கு அசையாவிட்டால் யுஎஸ்பி சுட்டி ஒன்றைச் செருகிப் பாருங்கள். இப்படி நிறுவிய செயலி பெரும்பாலும் தானாகப் புதுப்பிக்கப்படாது என்பதையும் நினைவில் வையுங்கள். நிறுவி முடித்ததும், வெளிக்கோப்புகளுக்குக் கொடுத்த அனுமதியை மூடிவிடுங்கள்.

நாடு காரணமாக மறைந்திருந்தால்

ஒளிபரப்பு உரிமை நாடு நாடாக விற்கப்படுகிறது. சிங்கப்பூருக்கு மட்டும் உரிமை உள்ள சேவை மலேசியக் கடையில் தெரியாமல் போவது இதனால்தான். நீங்கள் உண்மையாகவே குடிபெயர்ந்திருந்தால், கூகுள் பிளே கணக்கின் நாட்டை மாற்றிக்கொள்ளலாம். புதிய நாட்டில் இருந்துகொண்டு, அந்நாட்டுக் கட்டண முறை ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே மாற்ற முடியும். பழைய நாட்டின் கணக்கில் உள்ள பணத்தைப் புதிய நாட்டில் பயன்படுத்த முடியாது. அதைச் செலவழித்துவிட்டு மாற்றுங்கள். ஜொகூர் பாருவில் இருந்துகொண்டு சிங்கப்பூரில் இருப்பதாகக் காட்டிக்கொள்வது இந்த வழியில் சேராது.

தொலைக்காட்சியே பழையதானால்

தயாரிப்பாளர் இயங்குதளத்தைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டால், புதிய செயலிகள் அதில் வராது. டைசன், வெப்ஓஎஸ் வைத்திருந்து செயலி கிடைக்காதவர்களுக்கும் இதே தீர்வுதான்: எச்டிஎம்ஐ துளையில் செருகும் ஒரு ஸ்ட்ரீமிங் குச்சி. அதன்பின் செயலிகள் ஓடுவது குச்சியில். தொலைக்காட்சி வெறும் திரை.

வாங்குமுன் ஒன்றைக் கேளுங்கள். நெட்ஃபிலிக்ஸ் போன்ற சேவைகள் ஆண்ட்ராய்டு கருவிகளில் ‘வைட்வைன்’ என்னும் பூட்டை நம்புகின்றன. அதன் Widevine L1 நிலை இருந்தால்தான் படம் உயர்தெளிவில் வரும். Widevine L3 மட்டும் உள்ள பெட்டியில், பெட்டி மேல் 4K என்று அச்சிட்டிருந்தாலும் படம் மங்கலாகவே இருக்கும். செயலியை எத்தனை முறை நிறுவினாலும் இது மாறாது. குச்சியை அதனுடன் வரும் மின்னூட்டியிலேயே செருகுங்கள். தொலைக்காட்சியின் சாதாரண யுஎஸ்பி துளை 0.5 ஆம்பியர்தான் தரும் என்பதால், குச்சி அடிக்கடி அணைந்து எழலாம்.

எல்லாச் சேனல்களும் இலவசம் என்று விற்கப்படும் பெட்டிகளைத் தொடாதீர்கள். சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டமும் மலேசியாவின் 2022 திருத்தமும் அவற்றை விற்பதைக் குற்றமாக்கியுள்ளன.

அக்கா வீட்டில் புதிதாக எதுவும் வாங்கவில்லை. அந்தச் சின்னம் ஆரம்பத்திலிருந்தே அவருடைய கைப்பேசியில்தான் இருந்தது.